பீப் ஒலிக்கு முன் சொல்ல வேண்டியவை

தொலைபேசியில் அழைப்பவர் காதில் விழும் பதிவுக்குரல் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். எடுத்துப் பேச ஆள் இருந்தும் அவருக்குக் கை ஓயாத நேரத்தில் ஒலிப்பது காத்திருப்பு அறிவிப்பு. எடுக்க ஆளே இல்லாத நேரத்தில் ஒலித்து, அழைத்தவர் சொல்வதைப் பதிந்துகொள்வது குரலஞ்சல் அறிவிப்பு, அதாவது வாய்ஸ்மெயிலின் முகப்பு. பல அலுவலகங்களில் இரண்டையும் ஒரே நாளில், ஒரே குரலில், ஏறக்குறைய ஒரே சொற்களில் பதிந்துவிடுகிறார்கள். ஆனால் கேட்பவர்களின் நிலை ஒன்றல்ல. காத்திருப்பில் இருப்பவரின் கேள்வி, ‘இருக்கலாமா, வைத்துவிடலாமா?’ என்பது. குரலஞ்சலில் மாட்டியவரின் கேள்வி, ‘இதில் சொல்லிவிட்டு வைத்தால் வேலை நடக்குமா, நாளைக் காலை மறுபடி அழைக்க வேண்டுமா?’ என்பது. அந்தந்தக் கேள்விக்குப் பதில் தராத அறிவிப்பு எவ்வளவு இனிய குரலில் ஒலித்தாலும் அழைத்தவரை அழைத்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

இந்தியாவில் தனிநபர் கைப்பேசிகளில் குரலஞ்சல் வேரூன்றவில்லை. அந்த வேலையை மிஸ்டு காலும் வாட்ஸ்அப்பும் செய்துவிடுகின்றன. மருத்துவமனை, பள்ளி, எரிவாயு முகவர், கூரியர் அலுவலகம் போன்ற இடங்களின் பொது எண்களில்தான் இவ்விரு அறிவிப்புகளும் அன்றாடம் கேட்கின்றன. கைப்பேசி நிறுவனத்தின் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்ற அறிவிப்பு நிலவரத்தை மட்டும் சொல்கிறது. மறுபடி எப்போது முயல்வது என்று சொல்வதில்லை. கோபுரத்துக்கு அது தெரியாது என்பதால் அதில் குறை காண முடியாது. ஓர் அலுவலகத்துக்கோ தான் எப்போது திறக்கும், எந்த நேரத்தில் கூட்டம், தொலைபேசியை விட்டால் வேறு வழி என்ன என்பதெல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் திருத்தி எழுத வேண்டிய பிழை.

காதுக்கு எழுதுவது

காகிதத்தில் இருப்பதைக் கண் திரும்பிப் போய்ப் படிக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சொல் தவறினால் தவறியதுதான். அழைப்பவர் கையில் பேனா இருக்காது, பெரும்பாலும் பேருந்திலோ கடைவாசலிலோ நின்றுகொண்டிருப்பார். ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திவைக்கக்கூடிய புதிய செய்திகள் ஏறக்குறைய நான்கு என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். காதால் கேட்டுக்கொண்டே முடிவும் எடுக்க வேண்டியவருக்கு நான்கே அதிகம். ஆகவே ஓர் அறிவிப்பில் இரண்டு அல்லது மூன்று வழிகள் போதும்.

அடுத்தது வாக்கிய வரிசை. ‘ஒன்றை அழுத்தவும், ரிப்போர்ட் விவரங்களுக்கு; இரண்டை அழுத்தவும், கட்டண விவரங்களுக்கு’ என்று சில பதிவுகளில் கேட்கிறது. எண் முதலில் வரும்போது, அது தனக்குத் தேவைப்படுமா என்று தெரியாமலே கேட்பவர் அதை நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. வேலை முதலில் வந்தால் தனக்குரியது காதில் பட்ட பிறகு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். தமிழின் இயல்பான வரிசையே இதுதான்: ‘ரிப்போர்ட் பற்றிக் கேட்க, ஒன்றை அழுத்துங்கள்.’ எண்ணை முன்னால் தள்ளும் வாக்கியம் வேறு மொழி வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் அடையாளம்.

மூன்றாவது, கைப்பேசியின் உடலமைப்பு. காதருகே போனதும் திரை அணைந்துவிடும். எண்ணை அழுத்தச் சொன்னால், அழைப்பவர் கருவியைக் காதிலிருந்து எடுத்து, திரை எரிந்ததும் எண்பலகையைத் திறந்து, எண்ணைத் தேடி அழுத்த வேண்டும். இதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் பதிவு சொல்லிக்கொண்டே போவது எதுவும் அவர் காதில் விழாது. ஆகவே ‘அழுத்துங்கள்’ என்ற சொல்லுக்குப் பின் நான்கைந்து நொடி இடைவெளி வேண்டும். அதற்குப் பிறகும் எதுவும் அழுத்தப்படவில்லை என்றால், அந்த வழியை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லலாம்.

ஒரு பரிசோதனை நிலையத்தின் அறிவிப்பு

இவை நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, ஒரு சிறு நகரத்தின் ரத்தப் பரிசோதனை நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். வரவேற்பில் ஒருவரே இருக்கிறார். பில் போடுவதும் அவர்தான், தொலைபேசி எடுப்பதும் அவர்தான். காலை ஏழிலிருந்து பத்து வரை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் முன்னால் நிற்பார்கள். தொலைபேசியும் அதே நேரத்தில்தான் அடிக்கும். அங்கே காத்திருப்போருக்கு ஒலிக்கும் பழைய அறிவிப்பு இது:

“வணக்கம். எங்கள் பரிசோதனை நிலையத்தைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. கடந்த இருபது ஆண்டுகளாக அதிநவீனக் கருவிகளுடனும் அனுபவம் மிக்க பணியாளர்களுடனும் உங்கள் நலனுக்காகச் சேவை புரிந்து வருகிறோம். தற்போது எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் பிற வாடிக்கையாளர்களுடன் உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். விரைவில் உங்கள் அழைப்பு ஏற்கப்படும். மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பார்வையிடவும்.”

இது முடிந்ததும் இசை. அரை நிமிடம் கழித்து மறுபடி இதே அறிவிப்பு, முதல் சொல்லிலிருந்து.

நாற்பது சொற்களுக்கு மேல் உள்ள இந்தப் பதிவில், அழைத்தவர் செய்யக்கூடியது என்று இருப்பவை இரண்டு: காத்திருப்பது, இணையதளத்தைப் பார்ப்பது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு ‘விரைவில்’ என்ற ஒரு சொல்தான் பதில். அது கால் நிமிடமாகவும் இருக்கலாம், கால் மணியாகவும் இருக்கலாம். இணையதளத்தில் எந்த விவரம் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, அதன் முகவரியையும் சொல்லவில்லை. இருபது ஆண்டுச் சேவை பற்றிய வாக்கியம், ஏற்கெனவே எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்துவிட்டவரிடம் செய்யும் விளம்பரம். நிலையத்தின் பெயர் எங்கும் வரவில்லை என்பது இன்னும் பெரிய குறை. சரியான இடத்துக்குத்தான் அழைத்தோமா என்ற ஐயத்துடனே கேட்பவர் காத்திருக்கிறார்.

முதலில் ஒரு நோட்டு

திருத்தி எழுதுவதற்கு முன், அழைப்பவர்கள் உண்மையில் எதற்காக அழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஒரு வாரம் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கோடு போட்டால் போதும். பரிசோதனை நிலையத்தில் கோடுகள் பெரும்பாலும் நான்கு தலைப்புகளில் விழும்: ‘ரிப்போர்ட் ரெடியா?’, ‘சாப்பிட்டுவிட்டு வரலாமா, சாப்பிடாமல் வரணுமா?’, ‘வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பீர்களா?’, ‘இந்த டெஸ்டுக்கு எவ்வளவு?’

அடுத்து ஒவ்வொரு தலைப்பையும் ஒரே கேள்வியால் சோதிக்க வேண்டும்: இதற்கு மனிதக்குரல் தேவையா? ரிப்போர்ட் தயாரா என்பதற்குத் தேவையில்லை. பில் எண் தெரிந்தால் ஒரு வரியில் பதில் அனுப்பிவிடலாம். சாப்பிடலாமா என்பதற்கும் பெரும்பாலும் தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதற்கு முகவரி, நேரம், பரிசோதனைச் சீட்டு எல்லாம் பேச வேண்டியிருப்பதால் ஆள் வேண்டும். கட்டணமும் அப்படித்தான், மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும்.

அறிவிப்பில் எதைச் சொல்வது என்பதை இந்தப் பிரிப்பே முடிவு செய்துவிடுகிறது. ஆள் தேவைப்படாத கேள்விகளுக்கு அறிவிப்பே வழி காட்டும். ஆள் தேவைப்படுகிறவர்கள் மட்டும் வரிசையில் இருப்பார்கள். வரிசையும் அந்த அளவுக்குக் குறையும்.

காத்திருப்பு அறிவிப்பு: திருத்திய வடிவம்

நிலையத்தின் பெயர் வரும் இடத்தைப் புள்ளிகளால் காட்டினால், புதிய அறிவிப்பு இப்படி அமையும்:

“வணக்கம். இது … ரத்தப் பரிசோதனை நிலையம். வரவேற்பில் இருப்பவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். காலை நேரத்தில் உங்கள் முறை வர ஐந்து நிமிடம் வரை ஆகலாம். ரிப்போர்ட் தயாரா என்று கேட்க, காத்திருக்க வேண்டாம். இதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் பில் எண்ணை அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் பதில் வரும். நாங்களே திரும்ப அழைக்க வேண்டுமென்றால், ஒன்றை அழுத்துங்கள். காத்திருப்பதானால், எதையும் அழுத்தாமல் அப்படியே இருங்கள்.”

சொற்களின் எண்ணிக்கை பழையதைவிடக் குறையவில்லை. சற்றுக் கூடவே இருக்கிறது. நிதானமாகப் படித்தால் இரண்டும் ஏறக்குறைய அரை நிமிடம் ஓடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் இல்லை. புதியதில் பெயரும் நிலவரமும் தவிர்த்த ஒவ்வொரு வாக்கியமும், கேட்பவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவோடு தொடர்புடையது.

பெயர் முதலில் வருவதால், தவறான எண்ணுக்கு அழைத்தவர் உடனே வைத்துவிடுவார். ‘பிரதிநிதிகள் அனைவரும்’ என்ற இடத்தில் ‘வரவேற்பில் இருப்பவர்’ வந்திருக்கிறது. இருப்பவர் ஒருவர் என்றால் ஒருவர் என்றே சொல்லலாம்; ஐந்து நிமிடம் ஏன் ஆகிறது என்பது அதிலேயே விளங்கிவிடும். காத்திருப்பு எப்படி உணரப்படுகிறது என்று 1985-இல் எழுதிய மேலாண்மை அறிஞர் டேவிட் மெய்ஸ்டர், காரணம் தெரியாத காத்திருப்பும் அளவு தெரியாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்று குறிப்பிட்டார். ‘ஐந்து நிமிடம் வரை’ என்பது அளவைச் சொல்கிறது, ‘பேசிக்கொண்டிருக்கிறார்’ என்பது காரணத்தைச் சொல்கிறது.

அந்த ஐந்து நிமிடம் விருப்பத்தில் வந்த எண்ணாக இருக்கக்கூடாது. தொலைபேசி அமைப்பின் அழைப்புப் பதிவேட்டில் ஒவ்வோர் அழைப்பும் எடுக்கப்படும்வரை ஓடிய நேரம் இருக்கும். காலை நேர அழைப்புகளில் பத்துக்கு ஒன்பது எத்தனை நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டன என்று பார்த்து அந்த எண்ணைச் சொல்வது நல்லது. சராசரியைச் சொன்னால், காத்திருப்பவர்களில் பெரிய பங்கினருக்கு அது பொய்த்துப்போகும். ஐந்து என்று கேட்டவருக்கு மூன்றில் கிடைத்தால் குறையில்லை. இரண்டு என்று கேட்டவருக்கு மூன்று ஆனால் மனம் பொறுக்காது. அமைப்பில் வசதி இருந்தால் ‘உங்களுக்கு முன் இரண்டு பேர்’ என்று வரிசை எண்ணைச் சொல்வது இன்னும் நல்லது.

‘இதே எண்ணுக்கு வாட்ஸ்அப்பில்’ என்ற சொற்கள் ஒரு பெரிய இடரைத் தவிர்க்கின்றன. வேறு எண் என்றால் பத்து இலக்கத்தைப் பேனா இல்லாதவரிடம் சொல்ல வேண்டிவரும். வாட்ஸ்அப்பின் வணிகக் கணக்கைத் தரைவழி எண்ணிலும் தொடங்கலாம் என்பதால், அழைக்கும் எண்ணையும் செய்தி அனுப்பும் எண்ணையும் ஒன்றாக்கிவிட முடியும். தவிர்க்கவே முடியாமல் வேறு எண்ணைச் சொல்ல நேர்ந்தால், ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவே மூச்சு விட்டு, இருமுறை சொல்ல வேண்டும். ஒன்று, மூன்று இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால், அவசரமாகச் சொன்னால் தொலைபேசியில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும்.

திரும்ப அழைக்கும் வழி இரண்டாவதாக வருகிறது. இது காத்திருக்க முடியாதவருக்கான கதவு. ஒன்றை அழுத்தியதும் ‘உங்கள் எண் பதிவாகிவிட்டது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அழைப்போம். இப்போது வைத்துவிடலாம்’ என்று ஒரு குறும்பதிவு ஒலிக்க வேண்டும். அது இல்லையென்றால் அழுத்தியது ஏறியதா இல்லையா என்று தெரியாமல் அவர் மறுபடி வரிசையில் வந்து நிற்பார். அழுத்தும் வசதி இல்லாத சாதாரண இணைப்பில், ‘இப்போது வைத்துவிட்டாலும் உங்கள் எண் எங்களிடம் தெரியும், பன்னிரண்டு மணிக்குள் அழைப்போம்’ என்று சொன்னாலும் அதே பயன் உண்டு. ஊர் முழுக்கப் பழகிய மிஸ்டு காலின் முறைதான் அது.

கடைசி வாக்கியம், எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்பதைச் சொல்கிறது. இது இல்லாவிட்டால், எதையாவது அழுத்தினால்தான் இணைப்பு கிடைக்கும் என்று எண்ணிச் சிலர் கைக்கு வந்த எண்ணை அழுத்துவார்கள்.

இசைக்கு நடுவே வரும் குரல்

காத்திருப்பு இசையின் பழைய வேலை, இணைப்பு அறுந்துவிடவில்லை என்று உறுதி தருவது. அமெரிக்கத் தொழிற்சாலை உரிமையாளர் ஆல்பிரட் லெவி 1962-இல் விண்ணப்பித்து 1966-இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து இந்த வழக்கம் பரவியது. முழு அமைதி என்றால், கேட்பவர் இணைப்பு போய்விட்டதென்று வைத்துவிடுவார். அந்த வேலைக்கு மெல்லிய இசை போதும்.

இசை நின்று மனிதக்குரல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பவர் யாரோ எடுத்துவிட்டதாக நினைத்துப் பேசத் தொடங்குவார். அது பதிவு என்று தெரிந்ததும் சலிப்பு வரும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘உங்கள் அழைப்பு முக்கியமானது’ என்று ஒலித்தால், இந்தச் சலிப்பு நிமிடத்துக்கு இரண்டு முறை. ஆகவே புதிய செய்தி இருந்தால் மட்டுமே குரல் வர வேண்டும். முதல் முறை முழு அறிவிப்பு. ஒன்றரை நிமிடம் கழித்து இரண்டாவது, மிகச் சுருக்கமாக: “இன்னும் உங்கள் முறை வரவில்லை. தொடர்ந்து இருக்கலாம். நாங்கள் திரும்ப அழைக்க, ஒன்றை அழுத்துங்கள்.” சொன்ன ஐந்து நிமிடம் கடந்தும் எடுக்கப்படவில்லை என்றால், அதை ஒப்புக்கொள்ளும் மூன்றாவது பதிவு ஒன்றும் வேண்டும்: “சொன்னதைவிட நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். உங்களை இனியும் நிறுத்திவைக்காமல் நாங்களே அழைக்க, ஒன்றை அழுத்துங்கள்.”

எந்த இசை என்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. திரைப்பாடலைக் காத்திருப்போருக்கு ஒலிக்கவிடுவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமம் தேவைப்படும் செயல். உரிமத்தோடு விற்கப்படும் எளிய கருவி இசையே பாதுகாப்பானது. கைப்பேசி இணைப்பில் ஒலியைச் சுருக்கும் முறைகள் பேச்சுக்கென்று அமைந்தவை என்பதால், பல கருவிகள் சேர்ந்த பாடல் அதில் உடைந்து கரகரக்கும். ஒற்றைக் குழலோ வீணையோ அவ்வளவு சிதைவதில்லை.

குரலஞ்சல் அறிவிப்பு: திருத்திய வடிவம்

அதே நிலையத்தில் இரவு ஒலிக்கும் பழைய அறிவிப்பு சுருக்கமானது: “நீங்கள் அலுவலக நேரத்துக்குப் பின் அழைத்துள்ளீர்கள். பீப் ஒலிக்குப் பிறகு உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும். விரைவில் தொடர்பு கொள்வோம். நன்றி.”

சுருக்கம் இங்கே குறையாகிவிட்டது. அலுவலக நேரம் எது என்று சொல்லவில்லை. ‘உங்கள் செய்தி’யில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லாததால், காலையில் பதிவுகளைக் கேட்பவருக்குக் கிடைப்பவை ‘ஹலோ, ஹலோ, யாரும் இல்லையா?’ என்பது போன்ற குரல்கள். பெயர் இருந்தால் பில் எண் இருக்காது. இரண்டும் இருந்தால் என்ன வேண்டும் என்பது இருக்காது.

நோட்டில் விழுந்த கோடுகளை நேரவாரியாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரவு எட்டுக்கு மேல் அழைப்பவர்களில் பலர் மறுநாள் காலை ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது திரும்ப ஓர் அழைப்பு அல்ல, இரவு உணவு பற்றிய பதில். காலை எட்டு மணிக்கு நிலையத்தார் அழைத்து ‘சாப்பிடாமல் வாருங்கள்’ என்று சொல்லும்போது அவர் இட்லி சாப்பிட்டு முடித்திருப்பார். அன்றைய பரிசோதனை மறுநாளுக்குப் போய்விடும். அந்தப் பதில் அறிவிப்பிலேயே இருந்தாக வேண்டும்.

“வணக்கம். இது … ரத்தப் பரிசோதனை நிலையம். இப்போது மூடியிருக்கிறது. நாளைக் காலை ஆறரை மணிக்குத் திறப்போம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால், இதை வைத்துவிட்டு உடனே நூற்றெட்டை அழையுங்கள். காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்கள் இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதன்பிறகு தண்ணீர் மட்டும். காபி, டீ வேண்டாம். மற்றவற்றுக்கு, பீப் ஒலித்ததும் மூன்றைச் சொல்லுங்கள்: உங்கள் பெயர், பில் எண் இருந்தால் பில் எண், என்ன வேண்டும் என்பது. காலை ஒன்பது மணிக்குள் நீங்கள் அழைத்த எண்ணுக்கே அழைப்போம்.”

ஆபத்து பற்றிய வாக்கியம் முன்னால் வந்ததற்குக் காரணம் வெளிப்படை: அது தேவைப்படுபவர் மீதியைக் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் எண்ணை எல்லாரும் நூற்றெட்டு என்றே சொல்வதால் அதை ஒன்று, பூஜ்யம், எட்டு என்று பிரிக்க வேண்டியதில்லை.

உணவு பற்றிய வாக்கியத்தில் ‘எட்டு மணி நேரம் சாப்பிடக்கூடாது’ என்று சொல்லாமல் கடிகார நேரம் சொல்லப்பட்டிருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். ஆறரைக்குத் திறக்கும் நிலையத்துக்கு முதல் ஆளாக வருபவருக்கும் பத்து மணி என்ற எல்லை சரியாக வரும். கணக்கை அழைப்பவர் தலையில் போடாமல் நிலையமே போட்டுவிடுகிறது. இதில் ஓர் எல்லையும் உண்டு. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்பது போன்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். எல்லாருக்கும் பொருந்துவதை மட்டுமே பதிவில் சொல்லலாம்.

பீப்புக்குப் பிறகு சொல்ல வேண்டியவை மூன்று. அவற்றை எண்ணிச் சொல்வதால் கேட்பவர் மனதில் வரிசையாக நிற்கும். அழைத்த எண் அமைப்பில் தானே பதிவாகிவிடுவதால் எண்ணைச் சொல்லச் சொல்லவில்லை. அலுவலக இணைப்பகம் வழியாக வரும் அழைப்புகளில் எண் தெரியாமல் போவதுண்டு. அத்தகைய அழைப்புகள் மிகுதி என்றால் எண்ணையும் கேட்டுக்கொள்ளலாம். நோய் விவரம் கேட்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. காலையில் அந்தப் பதிவு வரவேற்பறையில், நாலு பேர் நடுவே ஒலிக்கக்கூடும்.

வாக்குறுதி கடைசியில் வருவது அதுவே நினைவில் தங்க வேண்டும் என்பதற்காக. ஒன்பது மணிக்குள் என்று சொன்னால், அதற்கு முன் அழைத்தாக வேண்டும். காலைக் கூட்டத்தில் அது முடியாது என்றால் ‘பகல் பன்னிரண்டு மணிக்குள்’ என்று சொல்வதே நேர்மை. காப்பாற்ற முடியாத ஒன்பதைவிடக் காப்பாற்றக்கூடிய பன்னிரண்டு மேல். நேரம் தெரிந்தவர் இடையில் மறுபடி அழைக்க மாட்டார்.

பதிவு செய்தல்

எழுதியதைப் பதிவதற்கு முன், எழுதாத ஒருவர் அதை உரக்கப் படிக்க, இன்னொருவர் தாளைப் பார்க்காமல் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் அவரிடம், ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று ஒரே கேள்வி. தயங்கினால் எழுத்தில் பிழை. படிப்பவர் நாக்கு இடறும் இடத்தில் ஏட்டுச் சொல் ஒளிந்திருக்கும். ‘தொடர்பு கொண்டமைக்கு’, ‘பார்வையிடவும்’ போன்றவை அங்கேதான் உதிரும். வட்டார வழக்குக்கு முழுதாகப் போக வேண்டியதில்லை. ‘அழுத்தவும்’ என்பது ‘அழுத்துங்கள்’ ஆனாலே ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் பேசுவதாகக் கேட்கும். தாளில் எண்களை இலக்கமாக எழுதாமல் சொல்லாகவே எழுதினால் படிப்பவர் தடுமாற மாட்டார்.

பழைய வகைத் தொலைபேசி இணைப்பு கடத்துவது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே. அதற்கு மேலே இருக்கும் கூர்மையான ஓசைகள் வெட்டுப்படுவதால் ‘ஸ’, ‘ஷ’ போன்றவை மங்கிவிடும். கணினியில் கேட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது. பின்னணி இசையின் மேல் பேசிய பதிவும் இந்தக் குறுகிய வழியில் கலங்கிவிடும். குரல் வரும்போது இசை முற்றாக நிற்பதே நல்லது. பதிவுக்கு ஒலிக்கூடம் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, துணிகள் நிறைந்த அலமாரி போன்ற எதிரொலி இல்லாத இடத்தருகே நின்று பேசினால் போதும். பதிந்ததை அமைப்பில் ஏற்றிய பின், வெளியே தெருவில் நின்று சாதாரணக் கைப்பேசியிலிருந்து அழைத்துக் கேட்பதுதான் உண்மையான சோதனை. பேருந்து போகும் சத்தத்தில் நேரமும் எண்ணும் காதில் விழுந்தால் பதிவு தேறிவிட்டது.

பழுதைக் கண்டறிதல்

புதிய பதிவு வேலை செய்கிறதா என்பதை அழைப்புப் பதிவேடு சொல்லும். அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டவர்கள் எந்த நொடியில் வைத்தார்கள் என்று பார்க்கலாம். வாட்ஸ்அப் வழியைச் சொன்ன உடனே வைத்து, சிறிது நேரத்தில் அவர்கள் செய்தியும் வந்தால், வழி சரியாகக் காட்டப்பட்டிருக்கிறது. செய்தி வராமல், அதே எண்ணிலிருந்து பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு வந்தால், சொன்னது புரியவில்லை. குரலஞ்சலில், மூன்று விவரங்களும் உள்ள பதிவுகள் எத்தனை, வெறும் ‘ஹலோ’ எத்தனை என்று எண்ணலாம். வெறும் ‘ஹலோ’க்கள் மிகுந்தால் அறிவிப்பு நீளமாகி, மூன்றையும் சொல்வதற்குள் கேட்பவர் கவனம் போயிருக்கும்; அப்போது நடுவில் இருப்பதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

நாள்பட்ட பதிவு தரும் பழுது வேறு வகை. ‘நாளைக் காலை ஆறரை மணிக்குத் திறப்போம்’ என்ற வாக்கியம், ஞாயிறு விடுமுறை என்றால் சனி இரவில் பொய்யாகிவிடும். ஆகவே சனிக்கிழமைக்குத் தனிப் பதிவு வேண்டும். அது முடியாவிட்டால் ‘ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஆறரை மணிக்கு’ என்று மாற்ற வேண்டும். தீபாவளிக்குப் பதிந்த விடுமுறை அறிவிப்பு கார்த்திகை வரை ஒலிப்பதும் உண்டு. சிறப்பு அறிவிப்பைப் பதியும்போதே அதை எடுக்கும் நாளையும் எடுப்பவர் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டால் இது நேராது. மற்றபடி மாதம் ஒருமுறை, அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் வெளியாள் போல அழைத்து, முதல் சொல்லிலிருந்து பீப் வரை இரண்டு பதிவுகளையும் கேட்டு, நேரமும் வழியும் இன்னும் உண்மையா என்று சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் காலை எட்டு மணிக்கு வரிசை குறையவில்லை என்றால், பழுது அறிவிப்பில் இல்லை. ஒருவர் பில்லும் போட்டுத் தொலைபேசியும் எடுக்கும் மேசையில் இன்னோர் ஆள் தேவை. அறிவிப்பால் முடிவது, காத்திருக்க வேண்டியவர் யார், காத்திருக்க வேண்டாதவர் யார் என்று பிரித்து, இருவருக்கும் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்வது மட்டுமே.